பாம்புக்கடி மொத்தம் எத்தனை? இரண்டு பட்டியல் கையில் இருக்கும்போது எந்தக் கணக்கைப் போடுவது

மன்னார்குடிப் பக்கம் ஒரு வட்டாரத்தில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர் போன மாதம் கூப்பிட்டார். "சார், ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல இந்த வருஷம் 120 பாம்புக்கடி இருக்கு. தன்னார்வலர்கள் ஊர் ஊரா விசாரிச்சு எழுதின நோட்டுல 90 இருக்கு. 45 பேரு ரெண்டுலயும் வர்றாங்க. மொத்தம் எத்தனைன்னு எதை எழுதுறது?"

இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் என்னிடம் அடிக்கடி வருகிறது. அதனால் அவருடைய வட்டாரத்தையே எடுத்துக்கொண்டு விவரமாக எழுதிவிடுகிறேன். எந்த ஊர் என்று தெரியாமல் இருக்கவும் கணக்கு எளிதாகவும் எண்களை மாற்றியிருக்கிறேன். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் பாம்புக்கடி எப்படி நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவர் வரப்பில் கண்ணாடி விரியனை மிதித்துவிடுகிறார். சம்பா அறுப்பு முடிந்ததும் எலியைத் தேடிப் பாம்பு வைக்கோல் போருக்கு வருகிறது, வைக்கோல் உருவப் போன அம்மாவைக் கடிக்கிறது. கடிபட்டவர்களில் ஒரு பகுதி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மற்றவர்கள் மந்திரிப்பவரிடம் போகிறார்கள், அல்லது "தண்ணிப் பாம்புதான்" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனைகளும் இப்போது சொல்லியாக வேண்டும். ஆனால் எந்த மருத்துவமனைக்குமே போகாதவரை அந்த அறிவிப்பு பிடிக்காது. நமக்கு வேண்டியது அந்த ஆட்களின் எண்ணிக்கை.

## முதலில், எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

அந்த எண் எதற்கு வேண்டும் என்பது முதல் விஷயம். விஷமுறிவு மருந்து இருப்பு வைக்க ஒரு எண், "பாதிப் பேர் நம்மிடம் வருவதே இல்லை" என்று மேலே எழுத வேறொரு எண்.

அடுத்து, ஒரு பட்டியலில் இருப்பதால் இன்னொன்றில் ஏறும் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா, இல்லை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா. இந்த முறை நிற்பதும் விழுவதும் இதில்தான்.

மூன்றாவது, இரண்டு பட்டியலிலும் இருக்கும் ஒரே ஆளை ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க முடிகிறதா. கடைசியாக ஆளும் நாளும்: எத்தனை பேர் எத்தனை நாள் இதற்கு ஒதுக்க முடியும்.

| வழி | கிடைக்கும் எண் | மறைந்திருக்கும் செலவு | எப்போது இது போதும் |
|---|---|---|---|
| இரண்டையும் சேர்த்து எண்ணுவது | 165 | தெரியாதவர் பூஜ்யம் என்று ஆகிவிடும் | "குறைந்தது இத்தனை" என்று மட்டும் சொல்ல |
| இரு பட்டியல் கணக்கு | 238 (200–276) | பெயர் பொருத்தம் தப்பினால் எண் எகிறும் | பட்டியல்கள் தனித்தனியாக வளர்ந்திருந்தால் |
| பிரித்துப் போடும் கணக்கு | 314 (203–425) | இரு பட்டியலிலும் ஒரே கேள்வி கேட்டிருக்க வேண்டும் | சிலரை மட்டும் இரண்டும் எளிதாகப் பிடிக்கும்போது |
| மூன்றாவது பட்டியல் | 336 | இன்னொரு மாத வேலை | பட்டியல்களின் உறவு மேல் சந்தேகம் இருந்தால் |
| வீடு வீடாகக் கேட்பது | மாதிரியைப் பொறுத்தது | ஆயிரக்கணக்கில் வீடுகள் | பட்டியலே இல்லாத இடத்தில் |

ஒரே வட்டாரம், ஒரே வருடம், ஆனால் 165-இலிருந்து 336 வரை போகிறது. ஏன் என்று பார்ப்போம்.

## சேர்த்து எண்ணுவது

120-ஐயும் 90-ஐயும் கூட்டி, இரண்டிலும் இருக்கும் 45-ஐக் கழித்தால் 165. இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இது நமக்குப் பெயர் தெரிந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்.

இதை மட்டமாக நினைக்க வேண்டாம். நம் நாட்டின் பிறப்பு, இறப்பு விகிதங்களைத் தரும் மாதிரிப் பதிவு முறையிலும் ஒரே ஊருக்கு இரண்டு பதிவுகள் உண்டு. உள்ளூர்க் கணக்கெடுப்பவர் வருடம் முழுக்க எழுதுவது ஒன்று, மேற்பார்வையாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தனியாக வந்து எழுதுவது இன்னொன்று. ஒத்துப்போகாதவற்றை மறுபடி களத்துக்குப் போய்ச் சரிபார்த்து இறுதி எண்ணை எடுக்கிறார்கள். சூத்திரம் போட்டு ஊகிப்பதில்லை. பிறப்பும் இறப்பும் ஊரில் மறையாது, அதனால் அது அங்கே சரிப்படுகிறது. பாம்புக்கடி மறையும்.

## இரு பட்டியல் கணக்கு

குளத்தில் எத்தனை மீன் என்று பார்க்க, கொஞ்சம் பிடித்து, துடுப்பில் அடையாளம் வெட்டி விடுவார்கள். அப்புறம் மறுபடி வலை வீசி, அதில் எத்தனை அடையாள மீன் வருகிறது என்று பார்ப்பார்கள். பிடித்து மறுபடி பிடிக்கும் முறை என்பது இதுதான். நமக்கு ஆஸ்பத்திரிப் பதிவேடு முதல் வலை, ஊர்ப் பட்டியல் இரண்டாவது வலை.

ஊர்ப் பட்டியலில் 90 பேர். அதில் 45 பேர், அதாவது பாதிப் பேர், ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் இருக்கிறார்கள். அப்படியானால் கடிபட்டவர்களில் பாதியைத்தான் ஆஸ்பத்திரி பிடிக்கிறது. ஆஸ்பத்திரியிடம் இருக்கும் 120 மொத்தத்தில் பாதி என்றால் மொத்தம் 240. வாய்க்கணக்காகவே போட்டுவிடலாம். பொருந்துபவர்கள் குறைவாக இருந்தால் இந்த நேரடிக் கணக்கு கொஞ்சம் கூட்டிச் சொல்லும். அதனால் புள்ளியியலாளர் சாப்மன் 1951-இல் தந்த திருத்தத்தைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்:

```
N = (a+1)(b+1)/(m+1) − 1
V = (a+1)(b+1)(a−m)(b−m) / ((m+1)²(m+2))
```

a என்பது 120, b என்பது 90, m என்பது 45. N நமக்கு வேண்டிய மொத்தம், V அந்த மொத்தம் எவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு. N 238 வருகிறது. V-யின் வர்க்கமூலம் 19. அதை இரண்டால் பெருக்கி இரு பக்கமும் விட்டால் ஏறக்குறைய 200 முதல் 276 வரை.

இந்த முறையை மனிதர்களின் பதிவுகளுக்குக் கொண்டுவந்து காட்டிய முக்கியமான வேலைகளில் ஒன்று நம் நாட்டில் நடந்தது. சந்திரசேகரனும் டெமிங்கும் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில், கல்கத்தாவுக்குப் பக்கத்து சிங்கூர் பகுதியில் பிறப்பு, இறப்புப் பதிவாளரின் பட்டியலையும் வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் விட்டுப்போனவை எத்தனை என்று கணக்கிட்டார்கள். அவர்கள் கொடுத்த எச்சரிக்கைக்கு அடுத்த பகுதியில் வருகிறேன். அதற்கு முன் இந்த முறை எங்கே கவிழ்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

### பெயரில் கவிழ்வது

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இப்படி ஒரு வரி: "ஆர். மாரியம்மாள், 45, பெண், இடது கால், அடையாளம் தெரியாத கடி." ஊர் நோட்டில் இப்படி: "சின்னப்பொண்ணு, ராஜு சம்சாரம், 50 வயசு இருக்கும், வடக்குத் தெரு, கால்ல கடி." இரண்டும் ஒரே ஆள். உட்கார்ந்து கணினியில் பெயரைத் தேடினால் இவர்கள் சேரவே மாட்டார்கள். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டினோம். "ரெண்டும் அந்த அம்மாதான் சார். ஆதார்ல ஒரு பேரு, ஊர்ல ஒரு பேரு" என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

இப்படி 5 பேரைத் தவறவிட்டோம் என்றால் m 45-இலிருந்து 40 ஆகும், மொத்தம் 238-இலிருந்து 268 ஆகிவிடும். மாறாக, ஊருக்கு நான்கு மாரியம்மாள் இருக்கும் இடத்தில் 5 பேரைத் தப்பாகச் சேர்த்துவிட்டால் 215-க்கு இறங்கும். விட்டுப்போன ஒவ்வொரு பொருத்தமும் "ஆஸ்பத்திரி பலவீனம்" என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

நான் செய்வது இது. இரண்டு பட்டியலையும் முதலில் ஊர் வாரியாகப் பிரித்துவிடுவேன். ஊருக்குள் கடிபட்ட மாதம், பால், வயது பத்து வருட வித்தியாசத்துக்குள், கை அல்லது கால், இந்த நான்கையும் பெயருக்கு முன்னால் பார்ப்பேன். முடிவில் நிச்சயம், இருக்கலாம், இல்லை என்று மூன்று குவியல். "இருக்கலாம்" குவியலை ஒரு முறை பொருத்தமாகவும் ஒரு முறை பொருத்தம் இல்லை என்றும் வைத்து இரண்டு விடையையும் எழுதுவேன். அந்த இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமென்றால், சூத்திரம் தரும் 200–276 என்ற எல்லையை நம்ப வேண்டாம். பொருத்துவதில் வரும் பிழையை அந்த எல்லை கணக்கில் எடுப்பதில்லை.

பாம்பே இல்லாத கடிகளும் உண்டு. "அடையாளம் தெரியாத கடி" என்று பதிவேட்டில் இருப்பதில் பூரான் இருக்கலாம், தேள் இருக்கலாம், முள் கூட இருக்கலாம். 120-இல் 20 அப்படிப்பட்டவை, அவை ஊர்ப் பட்டியலில் வராதவை என்றால், அவற்றை நீக்கியதும் மொத்தம் 199-க்கு வந்துவிடும். பொருத்துவதற்கு முன்பே இரண்டு பட்டியலுக்கும் ஒரே அளவுகோலை வைத்துக் களையெடுத்துவிடுங்கள்.

### பட்டியல்கள் ஒன்றையொன்று அறிந்திருப்பது

அந்த மருத்துவரிடம் 108 ஆம்புலன்ஸ் பட்டியலும் இருந்தது. "ஊர்ப் பட்டியல் எடுக்க ரொம்ப நாள் ஆகுது சார், ஆம்புலன்ஸையே ரெண்டாவது பட்டியலா வச்சுக்கலாமா?" என்றார். போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆம்புலன்ஸில் 60 பேர், அதில் 55 பேர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில். விடை 131. ஏற்கெனவே 165 பேரின் பெயர் நம் கையில் இருக்கிறது! ஆம்புலன்ஸில் ஏறியவர் ஆஸ்பத்திரிக்குத்தானே போவார்? அது இரண்டாவது வலையே இல்லை, முதல் வலையின் வால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் அனுப்பும் பட்டியல்கள் எப்போதும் குறைத்தே சொல்லும்.

நேர்மாறான தப்பும் உண்டு. தனியார் மருத்துவமனையில் 40 பேர், அதில் 3 பேர்தான் அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள் என்று வையுங்கள். விடை 1,239. ஒரு இடத்துக்குப் போனவர் இன்னொரு இடத்துக்குப் போவதில்லை, அதனால் பொருத்தம் குறைந்து எண் வானத்துக்குப் போய்விட்டது. இந்த மாதிரிப் பட்டியல்களை எதிரெதிராக வைக்காதீர்கள். சேர்த்து ஒரே பட்டியலாக்கி, ஊர்ப் பட்டியலுக்கு எதிரே வையுங்கள்.

ஊர்ப் பட்டியலிலும் இது நுழையும். தன்னார்வலரிடம் ஆஸ்பத்திரிப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அவர் அந்த வீடுகளிலிருந்துதான் தொடங்குவார். கொடுக்கவே கூடாது. கொடுக்காவிட்டாலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் "யாரையாவது பாம்பு கடிச்சுதா?" என்று கேட்டால், ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போன கதைதான் முதலில் வரும். "அது ஊருக்கே தெரிஞ்ச சேதியாச்சே." சாயங்காலம் காலில் லேசாகக் கடித்து, சுண்ணாம்பு தடவிப் படுத்து, காலையில் நடவுக்குப் போனவரின் கதையை யார் சொல்வார்?

## பிரித்துப் போடும் கணக்கு

சந்திரசேகரன், டெமிங் சொன்ன தீர்வு இதற்குத்தான். இரண்டு பட்டியலிலும் எளிதாக ஏறுபவர்களையும் எளிதில் ஏறாதவர்களையும் ஒரே கூடையில் போட்டால் விடை பொய்க்கும். ஒரே மாதிரியானவர்களாகப் பிரித்து, தனித்தனியாகக் கணக்கிட்டு, அப்புறம் கூட்டு.

இங்கே எதை வைத்துப் பிரிப்பது? அந்த மருத்துவர் ஊர் தூரத்தை வைத்துப் பிரிக்க நினைத்தார். சாலையோர ஊர்கள் தனி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனி. அது நல்ல யோசனைதான், இரண்டு பட்டியலிலும் ஊர்ப் பெயர் இருப்பதால் செலவும் இல்லை. ஆனால் எனக்குக் கடியின் கடுமைதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. வீக்கம், ரத்தக்கசிவு, கண் இமை தொங்கிப்போவது, இவற்றில் ஒன்றாவது இருந்தால் "கடுமை", இல்லாவிட்டால் "லேசு." பதிவேட்டில் இது இருந்தது. ஊர்ப் பட்டியலில் இல்லாததால் தன்னார்வலர்கள் மறுபடி ஒரு வாரம் போய்க் கேட்டு வந்தார்கள். இந்த வழியின் மறைமுகச் செலவு அந்த ஒரு வாரம்தான். நோட்டு அடிக்கும்போதே அந்தக் கட்டத்தைச் சேர்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

கடுமையானவர்கள்: ஆஸ்பத்திரியில் 80, ஊர்ப் பட்டியலில் 50, இரண்டிலும் 38. சாப்மன் கணக்கு 105.

லேசானவர்கள்: ஆஸ்பத்திரியில் 40, ஊர்ப் பட்டியலில் 40, இரண்டிலும் 7. சாப்மன் கணக்கு 209.

கூட்டினால் 314. அதே 120, அதே 90, அதே 45, ஆனால் பிரிக்காமல் போட்டபோது 238. நடுவே காணாமல் போன 76 பேரும் லேசான கடிக்காரர்கள். ஊர்ப் பட்டியல் தந்த 50 கடுமையான பேரில் 38 பேர் ஆஸ்பத்திரியில் இருந்ததால், அந்தப் பொருத்தம் மொத்தக் கணக்கையும் கீழே இழுத்துவிட்டிருந்தது.

ஆனால் இங்கே ஒரு விலை கொடுக்கிறோம். லேசானவர்களில் பொருத்தம் வெறும் 7. அதனால் அவர்கள் எண்ணிக்கை 99-இலிருந்து 320 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், ஏற்கெனவே பெயர் தெரிந்தவர்களே 73 பேர். மொத்தத்தின் எல்லை 203–425 என்று அகன்றுவிடுகிறது. பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு கூடையிலும் பொருத்தம் குறையும். ஏழுக்கும் கீழே போகிற கூடையை நான் பக்கத்துக் கூடையோடு சேர்த்துவிடுவேன். இது என் கைப்பழக்கம்.

## மூன்றாவது பட்டியல்

இரண்டு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அவை தனித்தனியானவையா என்று சோதிக்கவே முடியாது. இரண்டிலும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்தால்தானே சோதிக்கலாம்? மூன்றாவது பட்டியல் ஒரு சாவித்துவாரம் மாதிரி. மந்திரிப்பவர்கள், பச்சிலை வைத்தியர்கள் வீட்டில் கேட்டு எழுதிய 60 பேர் கிடைத்தார்கள் என்று வையுங்கள்.

அந்த 60 பேருக்குள் முதல் இரண்டு பட்டியலையும் பாருங்கள். இரண்டிலும் இருப்பவர் 20, ஆஸ்பத்திரியில் மட்டும் 10, ஊர்ப் பட்டியலில் மட்டும் 15, இரண்டிலும் இல்லாதவர் 15. குறுக்கே பெருக்குங்கள்: 20 × 15 = 300, 10 × 15 = 150. விகிதம் 2. தனித்தனிப் பட்டியலென்றால் இது 1-க்குப் பக்கத்தில் வந்திருக்கும். 2 என்றால் ஒன்றில் இருப்பவர் மற்றதிலும் இருக்கும் சாய்வு உண்டு, ஆக 238 குறைவான மதிப்பீடு என்று அர்த்தம்.

இந்த 2 என்ற சாய்வு வைத்தியரிடம் போகாதவர்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால் மேலும் போகலாம். அவர்களில் இரண்டிலும் 25, ஆஸ்பத்திரியில் மட்டும் 65, ஊரில் மட்டும் 30. எதிலுமே இல்லாதவர் 2 × 65 × 30 ÷ 25, அதாவது 156. தெரிந்த 180 பேரோடு கூட்டினால் 336. பிரித்துப் போட்டதில் வந்த 314-க்கு இது பக்கம். வெவ்வேறு வழியாக வந்த இரண்டு எண்கள் ஒரே திசையைக் காட்டும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

செலவு? வைத்தியர் யாரும் நோட்டு வைத்திருப்பதில்லை, நினைவிலிருந்துதான் சொல்வார். "நம்மள மாட்டிவிடப் போறாங்களோ" என்ற பயமும் உண்டு. மூன்று பட்டியலையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும், அங்கே பெயர்ப் பிழை மும்மடங்கு. இந்த வேலைக்கு R மென்பொருளில் `Rcapture` என்ற தொகுப்பு இருக்கிறது. அது பல மாதிரிகளைப் போட்டுப் பல விடைகளைக் கொட்டும், அதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் ஆசையும் சேர்ந்து வரும்.

## வீடு வீடாகக் கேட்பது

"எதுக்கு இவ்வளவு சுற்று? ஆயிரம் வீட்டில் கேட்டுப் பெருக்கிவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு 240 கடி என்றால், ஆயிரம் வீட்டின் நாலாயிரம் பேரில் சுமார் 10 கடிதான் கிடைக்கும். 10 என்று எண்ணியது தற்செயலாக 5 ஆகவும் இருந்திருக்கலாம், 18 ஆகவும் இருந்திருக்கலாம். 25-ஆல் பெருக்கினால் 125 முதல் 450 வரை. இரண்டு பட்டியல் கணக்கைவிட மோசம், செலவோ பல மடங்கு.

ஆனாலும் ஒரு இடத்தில் இதை யாரும் அடிக்க முடியாது. எந்தப் பட்டியலிலும் ஏற வாய்ப்பே இல்லாதவரைப் பட்டியல் கணக்கு ஒருபோதும் காட்டாது. அறுவடை இயந்திரத்தோடு வெளியூரிலிருந்து வந்து களத்திலேயே தங்கும் ஆட்களை ஊர்த் தன்னார்வலருக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் வருவதில்லை. அவர்களை நேரே போய்த்தான் கேட்க வேண்டும்.

## அந்த வட்டாரத்தில் என்ன முடிவானது

மூன்றாவது பட்டியலுக்கு ஆள் இல்லை. பிரித்துப் போடும் கணக்கையே எடுத்தோம். ஆனால் 314 என்ற எண்ணை அவர் பெரிதாக எழுதவில்லை. "பெயர் தெரிந்தவை 165, உண்மையில் குறைந்தது 200, அதிலும் பெரும்பகுதி லேசான கடிகள்" என்று எழுதினார்.

அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது கடுமையான கடியின் எண். அங்கே பொருத்தம் 38 இருந்ததால் 105 என்பது 93-க்கும் 116-க்கும் நடுவே இறுக்கமாக நின்றது. 80 பேர் வந்திருக்கிறார்கள், ஏறக்குறைய 25 பேர் வரவில்லை. விஷமுறிவு மருந்துக் கணக்கை 105-க்குப் போட்டார். வராத அந்த 25 பேரில் 12 பேரின் பெயரும் தெருவும் ஊர் நோட்டில் இருக்கிறது. இப்போது சாயங்காலம் ஓ.பி. முடிந்ததும் செவிலியரைக் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய், அன்றைக்கு ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.